1,000 டாலர் பில், 975 டாலர் வரவு: கணக்கில் எப்படி எழுதுவது?

[திரை: இன்வாய்ஸ், 1,000 டாலர். பக்கத்தில் வங்கியின் குறுஞ்செய்தி, 81,127.28 ரூபாய் வரவு.]

வணக்கம். கோயம்புத்தூரில் வெப் டிசைன் செய்யும் ஒருவர் சிங்கப்பூர் வாடிக்கையாளருக்கு 1,000 அமெரிக்க டாலருக்கு பில் போடுகிறார். அன்றைய விலை 84 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். புத்தகத்தில் 84,000 ரூபாய் விற்பனை, அதே தொகை வரவேண்டிய பாக்கி. மூன்று வாரம் கழித்து வங்கியில் ஏறியது 81,127 ரூபாய் 28 பைசா. 2,872 ரூபாய் 72 பைசா குறைகிறது. வாடிக்கையாளரைக் கேட்டால், "நான் முழுசா ஆயிரம் அனுப்பிட்டேனே, ரசீது பாருங்க" என்கிறார்.

பெரும்பாலும் அவர் சொல்வது உண்மைதான். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் டாலர் நேராகக் கோவைக்கு வருவதில்லை. நம் ஊர் வங்கிகள் டாலருக்கென்று நியூயார்க்கில் உள்ள ஏதாவது ஒரு வங்கியில் கணக்கு வைத்திருக்கும். அதற்கு நாஸ்ட்ரோ கணக்கு என்று பெயர். பணம் அங்கே போய்த்தான் நம் வங்கிக்கு வந்து சேரும். நடுவில் நிற்கும் வங்கி தன் கூலியைக் கடந்து போகும் பணத்திலேயே எடுத்துக்கொள்ளும்.

[திரை: OUR / SHA / BEN]

பணம் அனுப்பும்போது கட்டணம் யாருக்கு என்று அனுப்புகிறவர் இந்த மூன்றில் ஒன்றைத் தேர்வு செய்கிறார். OUR என்றால் எல்லாச் செலவும் அவருடையது. SHA என்றால் அவர் வங்கியின் கட்டணம் அவருக்கு, வழியில் பிடிப்பது நமக்கு. BEN என்றால் மொத்தமும் நம் தலையில். பலரும் SHA-வை மாற்றாமல் அப்படியே அனுப்பிவிடுவார்கள்.

சரி, இதை எப்படி உறுதி செய்வது? வங்கிக்கு வங்கி போகும் ஸ்விஃப்ட் செய்தியின் நகலை வாடிக்கையாளர் அனுப்பினால் மட்டும் போதாது. அது அவர் வங்கியை விட்டுக் கிளம்பியபோது இருந்த நிலை. வழியில் பிடித்தது அதில் இருக்காது. நம் வங்கிக்கு வந்து சேர்ந்த செய்தியின் நகலைக் கேளுங்கள். பழைய MT103 வடிவில் 33B என்ற இடத்தில் அனுப்பச் சொன்ன தொகையும், 32A-வில் வந்து சேர்ந்த தொகையும், 71F-இல் பிடித்த கட்டணமும் இருக்கும். இப்போது புழக்கத்தில் உள்ள pacs.008 வடிவிலும் இதே விவரங்கள் வேறு பெயர்களில் இருக்கின்றன. நம் கதையில் 1,000 கிளம்பி 975 வந்திருக்கிறது. பிடித்தது 25 டாலர்.

இங்கே ஒரு எச்சரிக்கை. குறைவது 15, 25, 30 டாலர் மாதிரி சின்னத் தொகையாக இருந்தால் அது வங்கிக் கட்டணமாக இருக்கலாம். பில்லில் சரியாக 10 சதவீதமோ 15 சதவீதமோ குறைந்தால் சந்தேகப்படுங்கள். வாடிக்கையாளர் தன் நாட்டுச் சட்டப்படி வரி பிடித்திருக்கலாம். அதற்கு அவரிடம் சான்றிதழ் வாங்கி, நம் வருமான வரியில் கழிக்க வழி உண்டா என்று பார்க்க வேண்டும். அதை வங்கிச் செலவு என்று எழுதிவிட்டால் அந்த வழி கண்ணிலேயே படாது.

[திரை: 2,872.72 எங்கே போனது?]

இப்போது 2,872 ரூபாயைப் பிரிப்போம். பணம் வந்த நாளில் நம் வங்கி கொடுத்த விலை 83 ரூபாய் 60 பைசா. வழியில் போன 25 டாலரை அந்த விலையில் பெருக்கினால் 2,090 ரூபாய். இது வெளிநாட்டு வங்கிக் கட்டணம்.

அடுத்தது விலை வித்தியாசம். 84-இல் பில் போட்டோம், 83.60-இல் பணமாகியது. டாலருக்கு 40 பைசா வீதம் ஆயிரம் டாலருக்கு 400 ரூபாய். 975-க்கு மட்டும் கணக்கிடக் கூடாது, ஏனென்றால் தீர்ந்தது முழு ஆயிரம் டாலர் பாக்கி. இது அந்நியச் செலாவணி நஷ்டம். கட்டணத்தோடு இதைக் கலக்கவே கூடாது. விலை ஏறியிருந்தால் இதே இடத்தில் லாபம் வந்திருக்கும்.

மீதி நம் உள்ளூர் வங்கி பிடித்தது. வெளிநாட்டு வரவுக்கு அது 200 ரூபாய் கட்டணம் போட்டிருக்கிறது, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 36 ரூபாய். அப்புறம் டாலரை ரூபாயாக்கியதற்கும் ஜிஎஸ்டி உண்டு. ஒரு லட்சம் ரூபாய் வரை மாற்றினால், தொகையில் 1 சதவீதத்தை, குறைந்தது 250 ரூபாயை, சேவையின் மதிப்பாக எடுத்து அதற்கு 18 சதவீதம். 975 டாலர் என்பது 81,510 ரூபாய். அதில் 1 சதவீதம் 815.10, அதற்கு வரி 146.72. இரண்டு வரியும் சேர்ந்து 182.72. இந்த வரி ஸ்டேட்மென்டில் ஏதோ ஒரு சுருக்கெழுத்தில் வந்து போகும், பலர் பார்ப்பதே இல்லை.

[திரை: ரசீது வவுச்சர்]

```
வங்கி                         பற்று  81,127.28
வெளிநாட்டு வங்கிக் கட்டணம்    பற்று   2,090.00
வங்கிக் கட்டணம்               பற்று     200.00
ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி         பற்று     182.72
செலாவணி நஷ்டம்                பற்று     400.00
    வாடிக்கையாளர்             வரவு   84,000.00
```

டாலியில் F6 ரசீது வவுச்சரை இரட்டைப் பதிவு முறைக்கு மாற்றிக்கொண்டால் ஒரே வவுச்சரில் இது முடியும். வாடிக்கையாளர் கணக்கு சுத்தமாகப் பூஜ்யம் ஆகிவிடும். வங்கியிடம் உங்கள் ஜிஎஸ்டி எண் பதிவாகி இருந்தால்தான் அந்த 182.72 உள்ளீட்டு வரியாகக் கிடைக்கும். ஜிஎஸ்டி பதிவே இல்லாதவர் அதையும் செலவில் சேர்த்துவிடலாம்.

நான் அடிக்கடி பார்க்கும் தவறு, வந்த 81,127-ஐயே விற்பனையாக எழுதுவது. கை எட்டும் வழி அதுதான். ஆனால் GSTR-1-இல் ஏற்றுமதியாகக் காட்டியது 84,000. வருமான வரிக் கணக்கில் அதைவிடக் குறைவாக நின்றால், இரண்டையும் ஒப்பிடுகிறவருக்கு அது மறைத்த வருமானமாகத் தெரியும். வரவில் பாதியை லாபமாகக் காட்டும் உத்தேச முறையில் இருப்பவரும் 84,000-இலிருந்துதான் கணக்கிட வேண்டும். கட்டணத்தைத் தனியாகக் கழிக்க அங்கே இடமில்லை.

இன்னொன்று, 25 டாலருக்குக் கிரெடிட் நோட் போடுவது. கிரெடிட் நோட் என்றால் நீங்கள் விலையைக் குறைத்தீர்கள் என்று பொருள். நீங்கள் குறைக்கவில்லை, வங்கி எடுத்தது. வாடிக்கையாளர் "அடுத்த முறை சேர்த்துத் தருகிறேன்" என்று எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டும் 25 டாலரைச் செலவாக எழுதாமல் பாக்கியாகவே விட்டுவையுங்கள். வாய்வார்த்தையை நம்பி ஆண்டுக்கணக்கில் பாக்கி வைத்திருப்பது வீண்.

[திரை: வரவுச் சான்றிதழ், 975 டாலர்]

வங்கி தரும் வெளிநாட்டு வரவுச் சான்றிதழில் 975 டாலர்தான் இருக்கும். ஜிஎஸ்டி ரீஃபண்டு கேட்கும்போது பில் 1,000, சான்றிதழ் 975 என்று கேள்வி வரும். அதனால் பில் எண், பில் தொகை, வந்த தொகை, பிடித்த கட்டணம் என்று ஒரு தாள் போட்டு, வங்கிக்கு வந்த ஸ்விஃப்ட் நகலை அதோடு இணைத்து வைத்துவிடுங்கள். சரக்கு ஏற்றுமதி செய்பவர்கள் இதற்கும் ஒரு படி முன்னால் போக வேண்டும். அவர்களுடைய ஷிப்பிங் பில் வங்கியின் பதிவில் 25 டாலர் பாக்கியோடு திறந்தே கிடக்கலாம். வெளிநாட்டு வங்கிக் கட்டணம் என்று கடிதம் கொடுத்து அதை முடித்துத் தரச் சொல்லுங்கள்.

அடுத்த பில்லில் "எல்லா வங்கிக் கட்டணமும் அனுப்புகிறவருடையது, OUR என்று அனுப்பவும்" என்று ஒரு வரி சேர்க்கலாம். OUR என்று அனுப்பியும் சில சமயம் நடுவழியில் பிடித்துவிடுகிறார்கள், ஆனால் அப்போது வாடிக்கையாளரிடம் மீதியைக் கேட்க உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.