கதவுக்குப் பின்னால் நிற்கும் குழந்தை

நேயர்களுக்கு வணக்கம். டயப்பரை விட்டுக் கழிப்பறைக்குப் பழகும் வயதில் சில குழந்தைகள் மலத்தை அடக்கத் தொடங்குகின்றன. அதைப் பற்றி, குழந்தை மருத்துவராக நான் கவனித்த ஒரு சிறுமியை முன்வைத்துப் பேச விரும்புகிறேன்.

அவளுக்கு இரண்டே முக்கால் வயது, எடை 12 கிலோ. பள்ளியில் சேர்ப்பதற்குள் பழக்கிவிட வேண்டும் என்று வீட்டில் அவசரப்பட்டிருக்கிறார்கள். அந்த வாரத்திலேயே காய்ச்சல் வந்து, சரியாகச் சாப்பிடாமல், மலம் கெட்டியாகி, வெளியேறும்போது ஆசனவாயில் சிறு வெடிப்பு ஏற்பட்டு இரத்தக் கீற்றும் தெரிந்திருக்கிறது. அன்று முதல் மலம் வரும் உணர்வு எழுந்தாலே அவள் கதவுக்குப் பின்னால் போய், திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் நின்று, கால்களைப் பின்னி, முகம் சிவக்க விறைத்துக்கொள்வாள். "பாவம், முக்கி முக்கிப் பார்க்கிறாள் டாக்டர், வரவே மாட்டேன் என்கிறது" என்றார் அம்மா. பெரும்பாலான பெற்றோர் ஏமாறும் இடம் இதுதான். முக்குகிற குழந்தை குந்தும், இடுப்பை மடக்கும். விறைத்து நிற்கிற குழந்தையோ வருவதை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறது.

அடக்க அடக்க மலத்திலுள்ள நீரைக் குடல் உறிஞ்சிவிடுவதால் அது மேலும் இறுகி, அடுத்த முறை இன்னும் வலிக்கிறது. வலித்ததால் குழந்தை இன்னும் அடக்குகிறது. நாட்கள் செல்லச் செல்ல மலக்குடல் விரிந்து, நிறைந்திருப்பதை உணரும் திறனும் குறைகிறது. தேங்கிய கட்டியைச் சுற்றி நீர்த்த மலம் கசிந்து ஜட்டியில் படியும். இந்தச் சிறுமிக்கும் அப்படிக் கசிந்தபோது வயிற்றுப்போக்கு என்று நினைத்துப் பழங்களை நிறுத்திவிட்டார்கள். அதற்கும் முன்பு, விளக்கெண்ணெயில் தோய்த்த வெற்றிலைக் காம்பையும் சோப்புத் துண்டையும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். புண்பட்ட இடத்தில் மறுபடியும் கை வைத்தால் பயம்தான் இரட்டிப்பாகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

உணவில் அவளுக்கு முதலில் குறைக்க வேண்டியிருந்தது பால். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் குடித்ததால் சோற்றுக்கும் காய்க்கும் வயிற்றில் இடமில்லை. அதை 400 மில்லியாகக் குறைத்து, கீரைக்கூட்டு, பயறு, கொய்யா, பப்பாளி, தாகத்துக்குப் போதிய தண்ணீர் என்று மாற்றினோம். ஆனால் தேங்கிய கட்டியை உணவு மட்டும் கரைக்காது. அது வெளியேறும் முன் நார்ச்சத்தை அள்ளிக் கொடுத்தால் வயிறு உப்பி, அடைப்பின் மேல் சுமைதான் கூடும்.

ஆகவே மருந்து தேவைப்பட்டது. நான் கொடுத்தது பாலிஎத்திலீன் கிளைக்கால் தூள். இது குடலில் நீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்குகிறது. தேக்கத்தை வெளியேற்றக் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை தினமும், மூன்று முதல் ஆறு நாட்கள் கொடுப்பது வழக்கம். இவளுக்கு நாளொன்றுக்கு 12 கிராமில் தொடங்கினேன். முதல் இரண்டு நாட்கள் கசிவு அதிகமாகும், பயந்து நிறுத்திவிடாதீர்கள் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். வெளியேறிய பின் கிலோவுக்கு 0.4 கிராம் கணக்கில், தினமும் ஏறக்குறைய 5 கிராம். லாக்டுலோஸ் திரவமும் நல்ல மருந்துதான், சில குழந்தைகளுக்கு வாயுத் தொல்லை தரும். எந்த மருந்தானாலும் அளவை உங்கள் மருத்துவர் குழந்தையைப் பரிசோதித்தே சொல்ல வேண்டும். பிறந்து 48 மணி நேரத்துக்குப் பிறகே முதல் மலம் போன குழந்தை, வயிறு பெரிதாக உப்பிய குழந்தை, பச்சையாக வாந்தி எடுக்கும் குழந்தை, எடை ஏறாத குழந்தை, கால்களில் பலமில்லாத குழந்தை ஆகியோருக்கு வேறு நோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

கழிப்பறைப் பழக்கத்தை அப்போதைக்கு நிறுத்தி, டயப்பரையே திரும்பப் போடச் சொன்னேன். பாட்டிக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் ஒத்துக்கொண்டார். வலியில்லாமல் மலம் போன சில வாரங்கள் கழித்து, சாப்பிட்டதும் குடல் தானே அசையும் நேரத்தில், ஐந்து நிமிடம் மட்டும் பாதங்கள் பலகையில் ஊன்றும்படி உட்காரவைத்தார்கள். வந்தாலும் வராவிட்டாலும் திட்டு கிடையாது.

ஆறாம் வாரத்தில், மருந்து பழகிவிடுமோ என்ற அச்சத்தில் வீட்டிலேயே தூளை நிறுத்திவிட்டார்கள். பத்தே நாளில் குழந்தை மறுபடியும் கதவுக்குப் பின்னால் போய் நின்றது. இந்தத் தூளால் குடல் சோம்பேறியாவதில்லை. விரிந்த மலக்குடல் பழைய நிலைக்குத் திரும்பத்தான் மாதங்கள் ஆகின்றன. குறைந்தது இரண்டு மாதம் கொடுத்து, ஒரு மாதமாவது எந்தத் தொல்லையும் இல்லாமல் கழிந்த பின்னரே அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அவளுக்கு மீண்டும் தொடங்கி, ஏழாம் மாதத்தில் நிறுத்தினோம். கடைசி வாரங்களில் அவளே பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததாக அம்மா சொன்னார்.