பில்லில் இல்லாத 4,301 ரூபாய் 69 சதம்

[திரையில்: அட்டவணை, ஒரு கட்டம் மட்டும் சிவப்பில்]

வணக்கம் மக்களே! இந்த 4,301.69 என்ற எண்ணைப் பாருங்கள். சதம் வரைக்கும் சுத்தமாக இருக்கிறது. ஆனால் எந்தப் பில்லிலும் இப்படி ஓர் எண் கிடையாது.

உப்புவெளியில் மாமா ஒரு சின்ன விடுதி நடத்துகிறார். திருத்த வேலைக்குச் சாமான் வாங்கிய பில்களைப் போனில் படமெடுத்து, எழுத்தாக்கி, ஒரே குவியலாக வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டார். நானும் சாட்பாட்டில் ஒட்டி, "கடை, திகதி, தொகை, வாட், கூலி எல்லாம் அட்டவணையாகத் தா" என்று கேட்டுவிட்டு பிளேன்டீ குடிக்கப் போனேன். அங்கேதான் சறுக்கல்.

[திரையில்: பில்]

```
INV 0417  03/04/25
Cement 12 x 2350
Total Rs. 28,200
```

இதில் வாட் எங்கே? இல்லை. ஆனால் மற்றப் பில்களில் 18 சதவீதம் இருந்தது. அதைப் பார்த்த சாட்பாட், 28,200-க்குள் வாட் அடங்கியிருக்கும் என்று தானே முடிவுகட்டி, 18-ஆல் பெருக்கி 118-ஆல் வகுத்து, 4,301.69 என்று போட்டுவிட்டது. கெட்டிக்காரப் பிள்ளைதான், கேட்காமலே வீட்டுப்பாடம் செய்கிறது! அந்தக் கடை வாட்டுக்குப் பதிவான கடையா என்பதே நமக்குத் தெரியாது.

சரி, இப்போது இப்படிக் கேளுங்கள்:

```
பில்லில் எழுதியிருப்பதை மட்டும் எடு.
இல்லாததற்கு NULL என்று போடு, 0 போடாதே.
எதையும் கணக்கிட்டு நிரப்பாதே.
ஒவ்வொரு தொகைக்கும் அது இருந்த வரியை
அடுத்த கட்டத்தில் அப்படியே தா.
திகதியை மாற்றாமல் தா.
```

கடைசிக்கு முந்தியதுதான் எனக்குப் பிடித்தது. சாட்பாட் மறுபடியும் கதை விட்டால், 4,301.69-க்குப் பக்கத்தில் "Total Rs. 28,200" என்று வரும். அந்த எண் அந்த வரியில் இல்லை என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். வரியையே கற்பனை செய்திருக்கலாம் என்று சந்தேகமா? மாமா அனுப்பிய குவியலில் Ctrl+F போட்டுத் தேடுங்கள்.

ஏன் 0 கூடாது? ஏற்றுக்கூலி மூன்று பில்களில் 1500, 900, மூன்றாவதில் ஒன்றுமே எழுதவில்லை என்று வையுங்கள். 0 போட்டால் சராசரி 800. NULL போட்டால் 1200, ஏனென்றால் எக்செலின் `AVERAGE` எழுத்தாக இருக்கும் கட்டங்களைத் தாண்டிப் போய்விடும். கடைக்காரர் "கூலி இலவசம்" என்று எழுதியிருந்தால் மட்டும்தான் 0 உண்மை. ஆனால் கூலி D நிரலில் இருக்கும்போது `=D2+D4` என்று நேரடியாகக் கூட்டினால், NULL உள்ள இடத்தில் `#VALUE!` என்று கத்தும். `SUM` கத்தாது, பேசாமல் விட்டுவிடும். அதனால் கூட்டுவதற்கு முன் எத்தனை ஓட்டை என்று எண்ணுங்கள்:

```
=COUNTIF(D2:D60,"NULL")
```

திகதிக்கு ஒரு வரி போதும்: 03/04/25 நமக்கு ஏப்ரல் 3, மாதத்தை முதலில் வாசித்தால் மார்ச் 4.

புதுக் கட்டளையைப் போட்டதும் வாட் கட்டங்களில் பதினொன்று NULL ஆகின. அந்தப் பில்களின் படங்களைத் தனியே எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். இரண்டில் வாட் இருந்தது, மடிப்பில் மறைந்து எழுத்தாகவே மாறவில்லை. மீதி ஒன்பதிலும் உண்மையிலேயே இல்லை. உங்கள் குவியலில் எத்தனை NULL வந்தது, கீழே எழுதுங்கள். அப்படியே அந்தப் பட்டனையும் அழுத்திவிடுங்கள், மாமா எண்ணிக்கை பார்க்கிறார்.