நோன்பு மாதத்தில் விடுப்பு எடுக்காமல் வேலை நேரத்தை மாற்றிக் கேட்பது எப்படி?

[திரையில்: பள்ளிவாசல் கதவில் ஒட்டப்பட்டிருக்கும் நோன்பு நேர அட்டவணை]

வணக்கம். சென்னை கிண்டியில் ஒரு தனியார் அலுவலகம். அங்கே வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஒருவர் காலை 10 மணி முதல் இரவு 7 மணி வரை பணிபுரிகிறார். இடையில் ஒரு மணி நேரம் உணவு இடைவேளை. வீடு ராயப்பேட்டையில். ரமலான் மாதம் வந்துவிட்டால் மாலை ஆறேகாலை ஒட்டி நோன்பு திறக்க வேண்டிய நேரத்தில் அவர் காதில் ஹெட்போனோடு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பார். இந்த ஒரு சிக்கலுக்காக அவர் மாதம் முழுவதும் விடுப்பு எடுக்க வேண்டுமா என்பதுதான் இந்த வீடியோவின் கேள்வி.

எடுக்க நினைத்தாலும் விடுப்பு போதாது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, ஓராண்டு பணி முடித்தவருக்குச் சம்பளத்துடன் கிடைப்பவை 12 நாள் ஆண்டு விடுமுறையும் 12 நாள் தற்செயல் விடுப்பும் ஆகும். நோய்க்கான விடுப்பு தனி. ஞாயிறுகளைக் கழித்தாலும் நோன்பு மாதத்தில் சுமார் 26 வேலை நாட்கள் மிஞ்சும். ‘பெர்மிஷன்’ கேட்டுச் சமாளிக்கலாம் என்றால், பல அலுவலகங்களில் அது மாதத்துக்கு இரண்டு முறைதான். மூன்றாவது முறை அரைநாள் விடுப்பில் கழிந்துவிடும். ஆகவே அவர் கேட்க வேண்டியது வேலை நேரத்தைக் குறைக்கும்படி அன்று, அதே எட்டு மணி நேரத்தை முன்னால் நகர்த்தித் தரும்படி.

இதை உரிமையாகக் கோர முடியுமா? தெலங்கானா அரசு ரமலானில் தன் முஸ்லிம் ஊழியர்கள் மாலை 4 மணிக்கே புறப்பட அனுமதித்து ஆணையிட்டிருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் தனியார் துறையிலும், மத வேறுபாடின்றி, நாளுக்கு இரண்டு மணி நேரம் குறைகிறது. தமிழ்நாட்டுத் தனியார் அலுவலகத்தில் அப்படி எதுவும் தானாகக் கிடைப்பதில்லை. நிர்வாகம் இசைந்தால்தான் உண்டு. எனவே கேட்கும் விதமே பாதி வேலையை முடிக்கிறது.

[திரையில்: பழைய நேரம் 10:00 – 7:00, புதிய நேரம் 8:00 – 5:00]

முதலில் பலரும் செய்யும் ஒரு தவறைப் பார்ப்போம். “நான்தான் மதியம் சாப்பிடுவதில்லையே, அந்த ஒரு மணி நேரமும் வேலை செய்துவிட்டு ஆறு மணிக்குக் கிளம்பிக்கொள்கிறேன்” என்று கேட்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே சட்டம், தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் ஒரு மணி நேர ஓய்வு தந்தாக வேண்டும் என்கிறது. ஊழியரே வேண்டாம் என்றாலும் மனிதவளப் பிரிவினர் தயங்குவது இதனால்தான். அவர்களுக்கு மனமில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தவிர, அதிகாலை ஐந்து மணி சஹருக்காக நாலரைக்கே எழுந்தவருக்கு லுஹர் தொழுகையும் இருபது நிமிடத் தூக்கமும் அந்த இடைவேளையில்தான் கிடைக்கும்.

சரியான கணக்கு இப்படி வரும். காலை 8 முதல் 12 வரை நான்கு மணி நேரம் வேலை. 12 முதல் 1 வரை இடைவேளை. 1 முதல் 5 வரை மறுபடி நான்கு மணி நேரம். எட்டு மணி நேரத்தில் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. சென்னையில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் லுஹர் நேரம் பன்னிரண்டரை மணிக்குச் சற்று முன்பே தொடங்கிவிடுவதால் இடைவேளையும் பொருந்திவிடுகிறது. இன்னொரு வசதி, பிப்ரவரி தொடக்கத்திலிருந்து மார்ச் தொடக்கம் வரை சென்னையில் சூரியன் மறையும் நேரம் ஏழெட்டு நிமிடங்களே நகர்கிறது. ஆகையால் ஒரே அட்டவணை மாதம் முழுவதற்கும் போதும்.

இடறுவது வெள்ளிக்கிழமை. ஜும்ஆ பயானும் தொழுகையும் முடியப் பல பள்ளிவாசல்களில் ஒன்றரை மணி ஆகிவிடும். அன்று மட்டும் காலை எட்டரை முதல் பன்னிரண்டரை வரையும், ஒன்றேமுக்கால் முதல் ஐந்தேமுக்கால் வரையும் என்று தனியாகக் கேட்க வேண்டும். ஐந்தேமுக்காலுக்குக் கிண்டியிலிருந்து கிளம்பி, அந்த நெரிசலில் ஆறேகாலுக்குள் ராயப்பேட்டை போய்ச் சேர முடியாது. எனவே வெள்ளிக்கிழமைகளில் அலுவலகப் பேன்ட்ரியிலேயே ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பு திறக்க வேண்டியிருக்கும். அருகிலுள்ள பள்ளிவாசலில் அஸருக்குப் பின் தரும் நோன்புக் கஞ்சியை யாராவது தூக்கில் வாங்கி வந்தால் அதிர்ஷ்டம்தான்.

மாலையில் இரண்டரை மணி நேரம் விலகியிருந்து, பிறகு வீட்டிலிருந்து இரவு ஒன்பதரை வரை வேலை பார்க்கிறேன் என்பது இன்னொரு யோசனை. முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரை, இடைவேளைகளையும் சேர்த்து, 12 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று அதே சட்டம் வைத்திருக்கும் வரம்புக்குள் அது அடங்கும். தராவீஹ் தொழுகை போய்விடும் என்பதுதான் குறை.

இப்போது கடிதம். நோன்பு தொடங்க இரண்டு, மூன்று வாரங்களுக்கு முன்பே மேலாளருக்கு மின்னஞ்சலாக அனுப்புவது நல்லது. பிறை பார்த்த பிறகே முதல் நோன்பு உறுதியாகும் என்பதால் தேதியைத் திட்டவட்டமாக எழுதிவிட்டு அவதிப்பட வேண்டாம். 2027-இல் ரமலான் பிப்ரவரி 8-ஐ ஒட்டித் தொடங்கும் என்று எதிர்பார்க்கப்படுவதால், நம் நண்பர் இவ்வாறு எழுதலாம்:

[திரையில்: மின்னஞ்சல்]

“ஐயா, ரமலான் நோன்பு பிப்ரவரி 8-ஐ ஒட்டித் தொடங்குகிறது. பிறை தெரிந்த மறுநாள் முதல் 29 அல்லது 30 நாட்களுக்கு, என் பணி நேரத்தைக் காலை 8 முதல் மாலை 5 வரை என்றும், வெள்ளிக்கிழமைகளில் காலை 8.30 முதல் மாலை 5.45 வரை என்றும் மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். முந்தைய இரவு நிலுவையில் நின்ற மின்னஞ்சல்களைக் காலை 10 மணிக்குள் முடித்துவிடுகிறேன். மாலை அழைப்புகளைப் பார்த்துக்கொள்ள என் குழுவில் ஒருவர் இசைந்திருக்கிறார். நோன்பு முடிந்ததும் பழைய நேரத்துக்குத் திரும்பிவிடுவேன்.”

இதில் மேலாளர் முதலில் தேடும் வரி, மாலை 5 முதல் 7 வரை யார் இருப்பார்கள் என்பது. அதற்குப் பதில் இல்லாத கடிதம் பெரும்பாலும் மேசையிலேயே கிடக்கும். சக ஊழியரிடம் முன்கூட்டியே பேசும்போது, “அண்ணே, நீங்க மாலை போட்டிருக்கிற நாட்கள்ல உங்க ஷிப்டை நான் பார்த்துக்கறேன்” என்று கைமாற்றாகக் கேட்பது வழக்கம். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்கு மாலை அணிந்தவருக்கும் காலை, மாலைப் பூசை நேரம்தான் சிக்கல் என்பதால் அவருக்கு இது உடனே புரியும்.

அனுமதி கிடைத்த பிறகுதான் பெரிய தொல்லை வரும். நான் பணி அட்டவணை போடும் பொறுப்பில் இருந்தபோது, மேலாளர் வாய்மொழியாகச் சரி சொல்லியும், வருகைப் பதிவு மென்பொருளில் யாரும் ஷிப்டை மாற்றாததால் ஒருவருக்குப் பதினொரு நாள் அரைச் சம்பளம் பிடித்தமானது. ஐந்து மணிக்கு அவர் கைரேகை வைத்ததும், ஏழு மணி ஷிப்டில் இரண்டு மணி நேரம் முன்பே போய்விட்டார் என்று இயந்திரம் எழுதிக்கொண்டது. சம்பளச் சீட்டைப் பார்த்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. அதைத் திரும்பப் பெற அடுத்த மாதச் சம்பளம் வரை ஆனது.

ஆகவே மேலாளரின் சம்மதத்தை மின்னஞ்சலில் வாங்கி, அதை மனிதவளப் பிரிவுக்கும் அனுப்புங்கள். முதல் நோன்புக்கு மறுநாள் வருகைப் பக்கத்தைத் திறந்து, உங்கள் பெயருக்கு நேரே ஷிப்ட் 8:00 என்று இருக்கிறதா, 10:00 என்றே நிற்கிறதா என்று பாருங்கள். பத்து என்று நின்றால் அன்றைக்கே சொல்லிவிட்டால் ஒரு நாள் பதிவைத் திருத்தினால் போதும்.

இருபத்தேழாம் இரவுக்கு மறுநாள் ஒன்று, பெருநாள் விடுமுறைப் பட்டியலில் இல்லாவிட்டால் அதற்கு ஒன்று என இரண்டு தற்செயல் விடுப்புகளை மட்டும் தனி விண்ணப்பமாகக் கொடுங்கள். நேர மாற்றக் கடிதத்தில் அவற்றைக் கலக்க வேண்டாம்.