நாய் புல் தின்றால் வயிறு கெட்டிருக்கிறதா?

நேயர்களுக்கு வணக்கம்.

நாயோடு வாக்கிங் போகிற எல்லோருக்கும் பழகிய காட்சி இது. ஒழுங்காக நடந்து வரும் நாய் திடீரென்று ஓரத்துக்கு இழுக்கும். மோந்து மோந்து ஓர் இடத்தில் நிற்கும். தலையைச் சாய்த்து, கடைவாய்ப் பல்லால் புல்லைக் கவ்வி இழுத்து மெல்லும். நம் ஊரில் இதற்குப் பதில் தயாராகவே இருக்கிறது. ‘அதுக்கு வயிறு சரியில்லை, அருகம்புல்லைத் தின்னு அதுவே வைத்தியம் பாத்துக்குது’ என்பார்கள். கால்நடை மருத்துவரான என்னிடம் நாயைக் கூட்டி வருகிறவர்களில் பலர் நோயையும் மருந்தையும் இப்படி அவர்களே முடிவுசெய்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

இந்த நம்பிக்கைக்குள் இரண்டு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. உடம்பு சரியில்லாதபோதுதான் நாய் புல் தின்கிறது என்பது ஒன்று. வாந்தி எடுப்பதற்காகவே தின்கிறது என்பது இன்னொன்று. இரண்டையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த கால்நடை ஆய்வாளர்கள், நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டறிந்த விவரங்களை 2008-இல் வெளியிட்டார்கள். செடி, புல் தின்னும் நாய்களை வைத்திருந்த 1,500-க்கும் அதிகமானோர் இணையம் வழியாகப் பதில் சொன்னார்கள். அவர்களில் சுமார் 68 சதவீதம் பேரின் நாய்கள் தினமுமோ வாரத்துக்கு ஒருமுறையாவதோ தின்றன. தின்பதற்கு முன்னால் அடிக்கடி சோர்வாகவோ நோயாகவோ தெரிந்தவை சுமார் 8 சதவீதம்தான். தின்ற பிறகு வழக்கமாக வாந்தி எடுத்தவை சுமார் 22 சதவீதம். ஆக, புல் தின்கிற நாய்களில் பெரும்பாலானவை நன்றாகத்தான் இருக்கின்றன, தின்ற பிறகும் நன்றாகவே இருக்கின்றன. இன்னொன்றும் தெரிய வந்தது. முன்பே சோர்வாக இருந்த நாய்கள்தான் தின்ற பிறகு அதிகம் வாந்தி எடுத்தன. அப்படியானால் பல நேரங்களில் குமட்டல்தான் முதலில் வருகிறது, புல் அதற்குப் பின்னால் வருகிறது. வாந்திக்குப் புல்லைக் குற்றம் சொல்கிறோமே, அது பாதி அநியாயம்.

ஆஸ்திரேலியாவில் வேறு விதமாகப் பார்த்தார்கள். சில நாய்களுக்கு நாளின் வெவ்வேறு நேரங்களில் புல்லை வைத்து, எப்போது தின்கின்றன என்று கவனித்தார்கள். வைத்த புல்லில் ஒன்று நம் அருகம்புல்லேதான். சாப்பாட்டுக்கு முன்னால் அதிகமாகத் தின்றன, வயிறு நிறைந்த பிறகு குறைத்துக்கொண்டன. வாந்தி அபூர்வமாகவே வந்தது. பசி வேளையில் வாயில் போட்டுக்கொள்ளும் ஒரு தீனிபோலத்தான் புல் அங்கே இருந்தது.

சரி, சத்துக்காகத் தின்கிறதா? புல்லின் நாரைச் செரிக்கும் வசதி நாயின் குடலில் அநேகமாக இல்லை. மறுநாள் மலத்தைப் பார்த்தால் தெரியும், இலை இலையாக அப்படியே வெளியே வந்திருக்கும். பிறகு ஏன் இந்தப் பழக்கம் போகவில்லை? டேவிஸ் ஆய்வாளர்கள் ஓநாயைக் காட்டுகிறார்கள். காட்டு ஓநாய்களின் மலத்திலும் புல் கிடைக்கிறது. செரிக்காத நார் குடல் வழியாகப் போகும்போது புழுக்களையும் சுருட்டித் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம், அந்தக் குணம்தான் நாய்க்கும் வந்திருக்கிறது என்பது அவர்கள் கருத்து. தான்சானியாவின் காடுகளில் சிம்பன்சிகள் சொரசொரப்பான இலைகளை மெல்லாமல் மடித்து விழுங்குவதையும், அந்த இலைகளோடு புழுக்கள் வெளியேறுவதையும் நேரில் பதிவுசெய்திருக்கிறார்கள். நாய் விஷயத்தில் அப்படி நேரடிச் சான்று இல்லை. எனக்கு இந்த விளக்கம் பிடிக்கும், ஆனால் அதை வைத்து மருந்து எழுத மாட்டேன். குடற்புழு நீக்க மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிற நாயும் புல்லைத் தின்னத்தான் செய்கிறது. புல் தின்பதை வைத்துப் புழு இருக்கிறதென்று சொல்லவும் முடியாது, புல் தின்கிறதே என்று புழு மருந்தை நிறுத்தவும் கூடாது.

அப்படியானால் புல் தின்பதற்கு அர்த்தமே கிடையாதா? உண்டு. அது எப்படித் தின்கிறது என்பதைப் பாருங்கள். பழக்கத்தில் தின்கிற நாய் நிதானமாகத் தின்னும். இளம் நுனியாகத் தேடும், மெல்லும், நாலு வாய் தின்றுவிட்டு அடுத்த மின்கம்பத்துக்குப் போய்விடும். குமட்டலில் தின்கிற நாய்க்குத் தேர்வே கிடையாது. காய்ந்தது, பச்சை, மண்ணோடு வருவது எல்லாவற்றையும் மெல்லாமல் விழுங்கும். எச்சில் வடியும், உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும், வெறும் வாயில் எதையோ விழுங்கிக்கொண்டே இருக்கும். வீட்டுக்குள் இருந்தால் தரையை நக்கும், மிதியடியைக் கடித்து இழுக்கும்.

இந்த இரண்டையும் ஒரே நாயிடம் பார்த்திருக்கிறேன். ஐந்து வயது லாப்ரடார். காலை ஆறு மணி வாக்கிங்கில் புல்லை அள்ளி விழுங்கும், கொஞ்ச நேரத்தில் மஞ்சள் நுரையாக வாந்தி எடுக்கும், அதன் நடுவே புல் கிடக்கும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல வாலை ஆட்டிக்கொண்டு வீடு திரும்பும். வீட்டுக்காரர் புல்லைத் தடுக்கக் கழுத்துப்பட்டையை இறுக்கிப் பிடித்துப் பார்த்தார். அந்த நாட்களில் புல் இல்லாமல் வெறும் மஞ்சள் நுரை வந்தது. அதற்குச் சாப்பாடு எப்போது என்று கேட்டேன். சாயங்காலம் ஏழு மணிக்கு, ஒரே வேளை என்றார். விஷயம் அங்கேதான் இருந்தது. ஏழு மணிக்குச் சாப்பிட்ட நாயின் இரைப்பை விடிவதற்குள் காலியாகிவிடும். காலி இரைப்பைக்குள் சிறுகுடலிலிருந்து பித்தநீர் ஏறி வந்து உள்தோலை எரிக்கும். அந்த மஞ்சள் நிறம் பித்தத்தின் நிறம். அதே அளவுச் சாப்பாட்டைக் காலை, இரவு என்று இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன். அதிலேயே கொஞ்சம் எடுத்துவைத்து, படுக்கப் போகும்போது ஒரு கைப்பிடி கொடுக்கச் சொன்னேன். ஒரு வாரத்தில் வாந்தி நின்றது. புல் தின்பது நிற்கவில்லை! இப்போது நிதானமாக நுனி கிள்ளித் தின்கிறது. அதற்கு நான் மருந்து கொடுக்கவில்லை.

உணவு நேரத்தை மாற்றியும் வாந்தி தொடர்ந்தால் இரைப்பை அழற்சி, கணையக் கோளாறு, உணவு ஒவ்வாமை என்று தேட வேண்டியிருக்கும். வாந்தியில் ரத்தம் தெரிந்தாலும், சாப்பாட்டை ஒதுக்கினாலும் தள்ளிப்போடாதீர்கள். வயிறு உப்பி, குமட்டிக் குமட்டி ஒன்றுமே வெளியே வராவிட்டால் அது இரைப்பை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். டோபர்மேன், கிரேட் டேன் போன்ற ஆழமான நெஞ்சுக்கார நாய்களிடம் அதிகம் வருவது. விடியட்டும் என்று காத்திருக்க முடியாது, அந்த நேரமே கிளம்ப வேண்டும்.

புல்லைவிடப் புல் இருக்கும் இடத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. களைக்கொல்லி அடித்த பூங்கா ஓரம், எலி நடமாடும் சாக்கடைக் கரை, மற்ற நாய்கள் மலம் கழிக்கும் மூலை ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். எலியின் சிறுநீர் வழியாக லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் எலிக்காய்ச்சல் வரும், மழைக்காலத்தில் இன்னும் அதிகம். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, வருடம் ஒருமுறை போட வேண்டும். வீட்டுத் தொட்டியில் கொஞ்சம் அருகம்புல்லோ கோதுமைப் புல்லோ வளர்த்துக் காலையில் முதலில் அதைக் காட்டிவிட்டுக் கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல யோசனை.

கடைசியாக ஒன்று, பலரும் எதிர்பார்க்காதது. புல் தின்று வாந்தி எடுத்த நாய், அதற்குப் பிறகு திடீரென்று விடாமல் தும்ம ஆரம்பித்தால் சளி என்று நினைத்துவிடாதீர்கள். வாந்தியோடு மேலேறிய நீளமான புல் அண்ணத்துக்குப் பின்னால் போய் மூக்குக்குள் மாட்டியிருக்கலாம். முன்காலால் மூக்கைத் தேய்க்கும், ஒரு பக்க மூக்கில் மட்டும் நீர் வடியும். மயக்க மருந்து கொடுத்துத்தான் அதை எடுக்க முடியும். அதேபோல ஆசனவாயில் பாதி புல் தொங்கினால் வேகமாக இழுக்காதீர்கள். மெல்லத் தொட்டதும் வழுக்கிக்கொண்டு வந்தால் சரி, தடங்கினால் அப்படியே விட்டுவிட்டு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். வணக்கம்.