முதல் மாத்திரைக்கு முன்னால்

நேயர்களுக்கு வணக்கம். நான் ஒரு மருந்தாளுநர். குடியாத்தத்திலும் காட்பாடியிலும் மருந்துக்கடைகளில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன். நீர்க்கடுப்புக்கு நாமாகவே கடையில் மாத்திரை வாங்கிப் போடுகிறோமே, அது வேண்டாம் என்று ஒரு மகன் தன் தாய்க்கு அனுப்பிய குரல் செய்தியைப் பற்றி இன்று பேசப்போகிறேன். பேசச் சொல்லி அந்தத் தாயே அனுமதி கொடுத்திருக்கிறார். பெயர் வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

எங்கள் தெருவில் இருப்பவர். தீப்பெட்டி ஒட்டும் வேலை செய்தவர். பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். மகன் சவூதியில் குளிர்சாதன இயந்திரம் பழுதுபார்க்கிறான். ஒரு நாள் காலையில் கைப்பேசியோடு என் வீட்டுக்கு வந்து, "அண்ணா, பையன் ஏதோ மாத்திரையைப் பற்றி நீளமாகப் பேசி அனுப்பியிருக்கிறான். பாதிதான் புரிகிறது. நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்" என்றார். கேட்டோம். அவன் சொன்னது இது:

"அம்மா, மறுபடியும் எரிச்சல், கடையில் நாலு மாத்திரை வாங்கிப் போட்டேன் என்று சொன்னாயே, அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இங்கே எனக்கும் அதுவேதான் வந்தது. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்து சிறுநீரகத்தில் கல், கூடவே கிருமி. கடைக்குப் போய் நம் ஊரில் கேட்பது போல மாத்திரை கேட்டேன். சீட்டு இல்லாமல் கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள். கோபம் வந்தது. மருத்துவரிடம் போனேன். அவர் முதலில் சிறுநீரைப் பிடித்துக் கொடுக்கச் சொன்னார், பிறகுதான் மாத்திரை எழுதினார். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, உன் கிருமி இந்த மாத்திரைக்கு அடங்காது, வேறு தருகிறேன் என்று மாற்றினார். நீ ஒவ்வொரு தடவையும் என்ன கிருமி என்று தெரியாமலே போடுகிறாய். இனிமேல் கடையில் வாங்காதே அம்மா. முதலில் சிறுநீரைக் கொடு, பிறகு மாத்திரை போடு. பணம் நான் அனுப்புகிறேன்."

"முதலில் சிறுநீரைக் கொடு, பிறகு மாத்திரை போடு." 31 ஆண்டுகளில் என் கடைக்கு வந்த எத்தனையோ தாய்மார்களுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் இது. நான் சொல்லவில்லை. மாத்திரையை எண்ணிக் கொடுத்தேன். அது இன்றும் என் நெஞ்சில் கிடக்கிறது.

கடையில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். "நீர்க்கடுப்பு, இரண்டு வேளைக்கு மாத்திரை கொடுங்கள்" என்று கேட்கிறோம். கடைக்காரர் அட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரையைச் சின்னக் காகித உறையில் போடுகிறார். காலாவதித் தேதி இருக்கும் ஓரம் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். ரசீது இருக்காது. என்ன மாத்திரை என்று கேட்டால் "வெள்ளை மாத்திரை" என்போம்.

அந்த அம்மா வாங்கியது ஓஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக், அதாவது கிருமியைக் கொல்லும் மருந்து. மீதி ஒன்று உறையில் இருந்தது, பார்த்தேன். முதல் தடவை இரண்டே நாளில் எரிச்சல் நின்றது, மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்றாவது வாரம் திரும்ப வந்தது. மீண்டும் நாலு. இந்தத் தடவை எரிச்சல் குறையவே இல்லை.

இதை நம் வயலை வைத்துச் சொல்கிறேன். களை எடுக்கிறோம். சின்னக் களைகளெல்லாம் கையோடு வந்துவிடுகின்றன. கோரை மட்டும் மேலே அறுந்து கிழங்கு மண்ணுக்குள் நின்றுவிடுகிறது. மற்ற களைகள் போனபின் அந்த இடமெல்லாம் கோரைக்குத்தான். சிறுநீர்த் தொற்றைப் பெரும்பாலும் உண்டாக்குவது ஈ.கோலை என்ற கிருமி. அது வெளியிலிருந்து வருவதில்லை, நம் குடலிலேயே இருப்பது. மாத்திரை போடும்போது அது சிறுநீர்ப்பைக்கு மட்டும் போவதில்லை, குடலுக்கும் போகிறது. அங்கே அடங்கும் கிருமிகள் சாகின்றன, அடங்காதவை பெருகுகின்றன. அடுத்த தொற்று அந்த அடங்காத கூட்டத்திலிருந்து வந்தால், அதே மாத்திரை என்ன செய்யும்? கோரைதான், நேயர்களே. கோரையை நாமே வளர்க்கிறோம்.

அதைவிட உடனடியான ஆபத்து ஒன்று அந்த அம்மாவுக்கு நடந்தது. இரண்டாம் தடவை மாத்திரை போட்ட மறுநாள் மதியம் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, திண்ணையில் சாய்ந்துவிட்டார். வெயில் என்று நினைத்து மோர் கொடுத்தார்கள். சர்க்கரை குறைந்திருந்தது. ஓஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் இரத்தச் சர்க்கரை அபாயமாகக் கீழே இறங்கலாம். "சர்க்கரைக்கு என்ன சாப்பிடுகிறீர்கள்" என்று கவுண்டரில் யாரும் கேட்கவில்லை. மருத்துவர் கேட்டிருப்பார்.

சரி, பிறகு என்ன செய்தோம்? அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். கடை மாத்திரை போட்டதை மறைக்காமல் சொல்லச் சொன்னேன், உறையையும் கையில் கொடுத்தேன். சிறுநீர் கல்ச்சர் எழுதினார்கள். சிறுநீரில் இருக்கும் கிருமியை ஆய்வகத் தட்டில் வளர்த்து, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனை அது. இதைக் கவனமாகக் கேளுங்கள், வீட்டில் செய்ய வேண்டியது நம் கையில்தான் இருக்கிறது. ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய டப்பாவில்தான் பிடிக்க வேண்டும், வீட்டுப் புட்டியில் கூடாது. தண்ணீரால் சுத்தம் செய்துகொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். டப்பாவின் உள்பக்கத்தில் விரல் படக்கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். வெயிலில் பஸ்ஸில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று மணி நேரம் போனால் டப்பாவுக்குள்ளேயே கிருமி பெருகி முடிவு குழம்பிவிடும்.

முக்கியமானது அதே வாக்கியம்தான்: முதல் மாத்திரைக்கு முன்னால். ஒரே ஒரு வேளை மாத்திரை போட்டுவிட்டால்கூடக் கிருமி தட்டில் வளராமல் போகலாம். தாளில் "வளர்ச்சி இல்லை" என்று வரும், நோய் உள்ளேயே இருக்கும். அந்த அம்மாவுக்கு அந்த மாத்திரை பலிக்காத கிருமி என்பதால் கிருமி வளர்ந்தது. தாளில் ஓஃப்ளாக்சசினுக்கு நேராக R, அதாவது அடங்காது. நைட்ரோஃபுரான்டோயின் என்ற மிகப் பழைய மருந்துக்கு நேராக S, அடங்கும். சிறுநீரக ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு அதைத்தான் எழுதினார்கள்.

உடனே அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போய்விடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அது சிறுநீர்ப்பையில் நன்றாக வேலை செய்யும், சிறுநீரகத்துக்கே ஏறிவிட்ட தொற்றுக்குப் போதாது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு ஆகாது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்பக்கம் வலி, வாந்தி இருந்தால் தொற்று மேலே ஏறியிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும், அதுவரை எரிச்சலோடு இருப்பதா என்று கேட்பீர்கள். இல்லை. சிறுநீரைக் கொடுத்த உடனேயே மருத்துவர் ஒரு மாத்திரையைத் தொடங்குவார். முடிவு வந்ததும் மாற்ற வேண்டுமானால் மாற்றுவார். சவூதியில் அந்தப் பையனுக்கு நடந்ததும் இதுதான்.

சட்டத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். ஆன்டிபயாடிக் மாத்திரை எதையும் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்பது நம் நாட்டிலும் சட்டம்தான். செஃபிக்சிம் போன்ற சிலவற்றுக்கு 2014 மார்ச் முதல் கடையில் தனிப் பதிவேடும் உண்டு. மருத்துவர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை எல்லாம் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு வேண்டிய மருந்து என்று அறியலாம். வீட்டில் மிஞ்சிய மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது பற்றியும் பேச நினைத்தேன், நேரம் இல்லை. கொடுக்காதீர்கள்.

அந்த அம்மா இப்போது கிருமி நீக்கிய டப்பா ஒன்றைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறார். சர்க்கரை மாத்திரைகளின் பெயரை மகன் தாளில் எழுதச் சொன்னானாம். எழுதி, அந்த டப்பாவோடு சேர்த்து ரப்பர் வளையம் போட்டு வைத்திருக்கிறார். வணக்கம்.