அடிக்கடி நீர்க்கடுப்பா? ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு ஆன்டிபயாடிக் ஏன் முழுத் தீர்வு இல்லை

(தொடக்கம். கேமராவில் நேராக)

ஒரு வருடத்தில் நான்கு தடவை நீர்க்கடுப்பு. நான்கு தடவையும் ஆன்டிபயாடிக். நான்காவது கோர்ஸ் முடிந்து பத்து நாளில் மறுபடி எரிச்சல். இது என் பெரியம்மாவின் கதை, வயது 58, மாதவிடாய் நின்று பதினோரு வருடம் ஆகிறது. "தண்ணி நிறையக் குடிங்கம்மா" என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் குடித்தார், குடித்ததற்கு ராத்திரி நான்கு முறை எழுந்ததுதான் மிச்சம்.

ஒரு விஷயத்தை யாரும் கவனிக்கவில்லை. அந்த நான்கு தடவையில் சிறுநீர் கல்ச்சர் டெஸ்ட் எடுத்ததே மூன்று தடவைதான். இரண்டில் ஈ.கோலை என்ற கிருமி வளர்ந்தது, ஒன்றில் எதுவுமே வளரவில்லை. கிருமியே இல்லாமல் எரிகிறது என்றால் அங்கே வேறு ஏதோ நடக்கிறது, இல்லையா?

வீட்டில் அம்மா, அத்தை யாராவது பக்கத்தில் இருந்தால் கூச்சப்பட்டு வீடியோவை மூடாதீர்கள், சவுண்டைக் கூட்டி வையுங்கள்.

மாதவிடாய் நின்றபின் வரும் இந்தப் பிரச்சினையின் பெயரை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பு இதை யோனி வறட்சி, யோனிச் சுவர் மெலிதல் என்றெல்லாம் சொன்னார்கள், சிறுநீர்ப் பிரச்சினையும் சேர்ந்தே வருவதால் 2014-இல் ஜெனிட்டோயூரினரி சின்ட்ரோம் ஆஃப் மெனோபாஸ் என்று நீளமாக மாற்றினார்கள். சுருக்கமாக ஜி.எஸ்.எம். சரி, அது கிடக்கட்டும்.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். தயிர்!

சிரிக்காதீர்கள். பாலில் உறை ஊற்றினால் என்ன நடக்கிறது? லாக்டோபேசில்லஸ் குடும்பத்துக் கிருமிகள் பாலில் இருக்கும் சர்க்கரையைத் தின்று புளிப்பு அமிலத்தைக் கக்குகின்றன, அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகளால் எளிதில் தலையெடுக்க முடிவதில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த கிருமிகள்தான் இளம் வயதில் யோனியிலும் குடியிருக்கின்றன. அவற்றுக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருக்கும்வரை யோனியின் உள்சுவர் தடிமனாக இருக்கும், அந்தச் செல்களுக்குள் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து நிறைந்திருக்கும். செல்கள் உதிர, உதிர்ந்ததைக் கிருமிகள் தின்ன, அந்த இடம் எப்போதும் தயிர் போலப் புளித்தே இருக்கும். பி.எச் அளவில் சொன்னால் சுமார் 4.

மெனோபாஸுக்குப் பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. சுவர் மெலிகிறது, மாவுச்சத்து போகிறது, பட்டினி கிடந்த நல்ல கிருமிகள் இடத்தைக் காலி செய்கின்றன. புளிப்பு குறைந்து பி.எச் 5-க்கு மேல் ஏறிவிடும். இரண்டு அங்குலம் தள்ளி மலவாயில் இருக்கும் ஈ.கோலைக்கு இதைவிட நல்ல வாடகை வீடு கிடைக்காது. இதோடு சிறுநீர்க்குழாயும் சிறுநீர்ப்பையின் அடிப்பகுதியும் அதே ஈஸ்ட்ரோஜனை நம்பி இருக்கும் சதைதான். அதனால்தான் கிருமி இல்லாத நாளிலும் எரிச்சல், திடீரென்று அடக்கமுடியாத அவசரம், உறவின்போது வலி, சிலருக்கு உட்கார்ந்தாலே உறுத்தல். உடம்பில் சூடு கிளம்பி வியர்ப்பது பலருக்குச் சில வருடங்களில் தணிந்துவிடும். இது தானாகத் தணிவதில்லை, வருடம் போகப்போகக் கூடத்தான் செய்யும்.

(கையை ஆட்டி) தயவுசெய்து, தயிரை எடுத்து அங்கே தடவாதீர்கள்! போன வீடியோவின் கமென்ட்களைப் பார்த்த பயத்தில் சொல்கிறேன். சுவரில் சாப்பாடு இல்லாமல் வெளியிலிருந்து கிருமியைக் கொண்டு விட்டால் அது தங்காது. சோப்பு, வாசனை வாஷ் எல்லாம் இருக்கிற கொஞ்சத்தையும் கழுவிவிடும்.

அப்படியானால் சுவருக்கே ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால்? 1993-இல் இஸ்ரேலில் அடிக்கடி நீர்க்கடுப்பு வந்த 93 பெண்களைப் பிரித்து ஒரு பாதிக்கு எஸ்ட்ரியால் கிரீமும் மறுபாதிக்கு மருந்தில்லாத கிரீமும் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தில்லாதவர்களுக்கு வருடத்துக்கு ஆளுக்குச் சராசரியாக 5.9 தடவை தொற்று வந்தது, மருந்து போட்டவர்களுக்கு 0.5. ஆன்டிபயாடிக் கொடுத்து இல்லை, இடத்தை மறுபடி புளிக்க வைத்து!

பெரியம்மாவைப் பரிசோதித்த டாக்டரும் இந்த எஸ்ட்ரியால் கிரீமைத்தான் எழுதினார். பெரியம்மா வாங்கினார். டப்பாவுக்குள் மடித்திருந்த சீட்டை அண்ணன் படித்தான். மார்பகப் புற்று, பக்கவாதம், ரத்தக்கட்டி. டியூப் நேராக ஃபிரிட்ஜுக்குள், மல்லித்தழைக்குப் பின்னால், மூன்று மாதம்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? 2002-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு பெரிய ஆய்விலிருந்து. அதில் பெண்கள் தினமும் வாய்வழியாக ஹார்மோன் மாத்திரை விழுங்கினார்கள். அந்த எச்சரிக்கையை அப்படியே யோனியில் வைக்கும் மருந்துகள்மீதும் ஒட்டிவிட்டார்கள்.

வாங்க, கணக்குப் போடுவோம். யோனியில் வைக்கும் எஸ்ட்ராடியால் என்ற இன்னொரு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஒன்று இருக்கிறது, 10 மைக்ரோகிராம். முதல் இரண்டு வாரம் தினமும் இரவில் ஒன்று, 14 ஆயிற்று. மீதி 50 வாரமும் வாரத்துக்கு இரண்டு, 100. மொத்தம் 114 மாத்திரை, அதாவது 1.14 மில்லிகிராம். வாயில் போடும் எஸ்ட்ராடியால் மாத்திரை ஒன்றில் இருப்பது 1 மில்லிகிராம். முழு வருடத்துக்கான மருந்தும் விழுங்கும் மாத்திரையின் ஒரு நாள் கணக்குக்குக் கொஞ்சம்தான் மேலே! வாய்வழி எடுப்பவர் வருடத்துக்கு 365 விழுங்குகிறார். இதை முதன்முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது தப்பாகப் பெருக்கிவிட்டேனோ என்று மறுபடி போட்டேன். ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் அளவும் மெனோபாஸ் தாண்டியவருக்கு இருக்கவேண்டிய அளவிலேயேதான் நிற்கிறது. பிரிட்டனில் 2022 முதல் இந்த 10 மைக்ரோகிராம் மாத்திரையை 50 வயது தாண்டிய பெண்கள் டாக்டர் சீட்டு இல்லாமலே, பார்மசிஸ்ட்டிடம் பேசி வாங்கலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வும் 2025 நவம்பரில் ஈஸ்ட்ரோஜன் மருந்துகளில் இருக்கும் அந்தக் கறுப்புக் கட்ட எச்சரிக்கையை எடுக்கப்போவதாக அறிவித்தது. அண்ணனுக்கு லிங்க் அனுப்பியாயிற்று.

கிரீமின் கணக்கு வேறு. எஸ்ட்ரியால் வலு குறைந்த ஈஸ்ட்ரோஜன், ஒரு தடவைக்கு அரை கிராம் கிரீம், அதில் அரை மில்லிகிராம் மருந்து. தூங்கப் போகும்முன் போடவேண்டும், இல்லாவிட்டால் நடக்கும்போது வழிந்துவிடும். பெரியம்மாவுக்கு டாக்டர் சொன்னது இரண்டு வாரம் தினமும், அப்புறம் திங்கள், வியாழன் மட்டும். சிறுநீர் வரும் துவாரத்தைச் சுற்றியும் விரல்நுனியில் கொஞ்சம். முதல் சில நாள் லேசாக எரியும், மெலிந்த சதை இல்லையா.

நிறைய பேர் தோற்கும் இடம் இதுதான்: மூன்றாம் வாரம் கொஞ்சம் நன்றாக இருக்கும், உடனே நிறுத்திவிடுவார்கள். முழுப் பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். நிறுத்தினால் வறட்சி திரும்பும்.

யார் சட்டென்று ஆரம்பிக்கக் கூடாது? மாதவிடாய் நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டிருந்தாலும் முதலில் அதற்குக் காரணம் கண்டுபிடிக்கவேண்டும். சிறுநீரில் ரத்தம் வந்தாலும் அப்படியே. வெளிப்புறத் தோல் வெள்ளையாகத் திட்டுத்திட்டாக மாறி அரித்தால் அது வேறு நோயாக இருக்கலாம், கண்ணால் பார்க்காமல் கிரீம் எழுதுவது சரியில்லை. மார்பகப் புற்று வந்தவர்கள், குறிப்பாக ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாத்திரையில் இருப்பவர்கள், புற்றுநோய் டாக்டரிடம் கேட்காமல் தொடவேண்டாம். 2022-இல் வந்த டென்மார்க் ஆய்வில் மொத்தமாகப் பார்த்தால் புற்று திரும்புவது கூடவில்லை, ஆனால் அந்த வகை மாத்திரை எடுத்தவர்களிடம் மட்டும் கூடியிருந்தது. அவர்களுக்கு முதலில் ஹார்மோன் இல்லாத யோனி மாய்ஸ்சரைசர் இருக்கிறது.

பெரியம்மா? டியூப் மல்லித்தழைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து ஏழு மாதம். நடுவில் ஒரே ஒரு தடவை தொற்று வந்தது, கல்ச்சர் எடுத்து அதற்கேற்ற மருந்தில் ஐந்து நாளில் போயிற்று. போன மாதம் மதுரையிலிருந்து திருச்செந்தூர் வரை பஸ்ஸில் போனார், ஜன்னலோர சீட்டில், வழியில் எங்கும் இறங்காமல்.