வாரிசும் மிராசும்: மெய்யெழுத்தில் தங்கும் பொருள்

அனைவருக்கும் வணக்கம்.

தாலுகா அலுவலகத்தில் வாரிசு சான்றிதழ் கேட்டு நாம் எல்லோரும் ஒருமுறையாவது நின்றிருப்போம். தஞ்சைப் பக்கத்துப் பெரியவர்களுக்கு மிராசுதார் என்ற சொல்லும் நன்றாகத் தெரியும். வாரிசு, மிராசு இரண்டும் அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்த சொற்கள். இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. ஆனால் வாரிசில் இருக்கும் ‘வ’ மிராசில் இல்லை, மிராசில் இருக்கும் ‘மி’ வாரிசில் இல்லை. அப்படியானால் ஒரே வேர் என்று எப்படிச் சொல்வது? இன்று நான் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

முதலில் நம் வழக்கத்தைப் பாருங்கள். ‘செய்’ என்ற சொல்லை எடுத்தால் செய்தான், செய்வாள், செய்தவர்கள் என்று பின்னால் சேர்த்துக்கொண்டே போவோம். முன்னால் இருக்கும் ‘செய்’ அசையாது. தமிழ்ச் சொல் பெரும்பாலும் பின்பக்கமாகத்தான் வளரும். ஒரு சில இடங்களில் மட்டும் உள்ளே கை வைக்கிறோம். கெடு என்பது கேடு ஆகிறது, சுடு என்பது சூடு ஆகிறது, பெறு என்பது பேறு ஆகிறது. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான். எதையும் ஒட்டவில்லை. உள்ளே இருந்த குறில் நெடிலாயிற்று, வினை பெயராகிவிட்டது.

நமக்கு இது விரல்விட்டு எண்ணக்கூடிய சொற்களில் நடக்கிறது. அரபியில் மொழி முழுவதுமே இப்படித்தான் ஓடுகிறது.

க், த், ப் என்று மூன்று மெய்களை வைத்துக்கொள்ளுங்கள். எழுதுதல் என்ற பொருள் இந்த மூன்றிலும் இருக்கிறது. இவற்றைத் தனியாக உச்சரிக்க முடியாது, ஏனென்றால் இது இன்னும் சொல் ஆகவில்லை. இனி உயிர்களை ஏற்றுவோம். ‘கதப’ என்றால் எழுதினான். ‘குதிப’ என்றால் எழுதப்பட்டது. நடு மெய்யை இரட்டித்து ‘கத்தப’ என்றால் எழுத வைத்தான். ‘காதிப்’ என்றால் எழுதுபவர். முன்னால் ஒரு ‘ம’ சேர்த்து ‘மக்தூப்’ என்றால் எழுதப்பட்ட ஒன்று, அதாவது கடிதம். ‘கிதாப்’ புத்தகம். ‘மக்தப்’ எழுதும் இடம். நம்மூர்ப் பள்ளிவாசல்களில் பிள்ளைகள் ஓதப்போகும் மக்தப் இதே சொல்தான்.

மெய், உயிர் என்று நம் இலக்கணம் பெயர் வைத்திருப்பது இங்கே எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்! பொருள் மெய்யில் இருக்கிறது. யார் செய்தார், செய்யப்பட்டதா, எங்கே செய்தார் என்ற இலக்கணத்தைப் பெரும்பாலும் உயிர் கொண்டுவருகிறது.

இந்த உயிர் அமைப்புகளுக்கு அரபு இலக்கணக்காரர்கள் ஒரு வாய்பாடு வைத்தார்கள். நாம் வெண்பாவுக்குத் தேமா, புளிமா என்று உண்மைச் சொற்களையே அச்சாக வைத்துக்கொண்டோம் அல்லவா, அதே முறை. அவர்கள் எடுத்துக்கொண்ட சொல் ‘செய்தல்’ என்று பொருள்படும் ஃப், அ, ல். இதில் நடுவிலுள்ள ‘அ’ உயிர் அல்ல, தொண்டைக்குள்ளிருந்து வரும் ஒரு மெய். தமிழில் அதற்கு எழுத்து இல்லாததால் இப்படி எழுதுகிறேன். செய்பவரைக் குறிக்கும் வாய்பாடு ‘ஃபாஇல்’. காதிப் அதில் அமைந்தது. செய்யப்பட்டதற்கு ‘மஃப்ஊல்’, மக்தூப் அதில் அமைந்தது. இந்த வாய்பாட்டுக்கு அரபியில் ‘வஸ்ன்’ என்று பெயர், எடை என்று அர்த்தம். இந்தச் சொல்லை மறந்துவிடாதீர்கள், கடைசியில் தேவைப்படும். எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அல்-கலீல் என்ற பேரறிஞர் அரபு யாப்பின் சீர்களையும் இதே ஃப், அ, ல் எழுத்துகளைக் கொண்டே அளந்தார்.

சரி, இப்போது நம் கையில் அச்சு இருக்கிறது. நாம் தினமும் சொல்லும் சொற்களை அதில் வைத்துப் பார்க்கலாம். ‘மாமூல்’ அரபியில் மஅமூல். மஃப்ஊல் அச்சில் சரியாக உட்காருகிறது. ‘ம’வும் ‘ஊ’வும் அச்சுக்குச் சொந்தம், மிச்சம் அ, ம், ல். அதுதான் சட்டத்தை அமல் செய்கிறோம் என்கிறோமே, அந்த ‘அமல்’. செய்யப்பட்டு வருவது, அதனால் வழக்கமானது, அதனால் மாமூல். லஞ்சம் என்ற அர்த்தம் பிறகு ஏறியது.

‘மகசூல்’ அரபியில் மஹ்ஸூல். அதே அச்சு. மிச்சம் ஹ், ஸ், ல், அதாவது கிடைத்தல், கைக்கு வருதல். அதே மூன்று மெய்களை ‘தஃப்ஈல்’ என்ற அச்சில் ஊற்றினால் தஹ்ஸீல், வரி திரட்டுதல். ஹகரம் தேய்ந்து நம் வாயில் தாசில் ஆயிற்று. ஆக, தாசில்தாரும் வயலின் மகசூலும் ஒரே வேர்.

இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். மகசூலும் ‘வசூல்’ என்பதும் ஒன்றுபோலவே முடிகின்றன, பொருளும் நெருங்கி வருகிறது. ஒரே வேர் என்று நானும் பல நாள் நினைத்திருந்தேன். அச்சில் வைத்தால் குட்டு வெளிப்படும். வசூல் அரபியில் வுஸூல், அதன் அச்சு ‘ஃபுஊல்’. அங்கே ‘வ’ அச்சின் எழுத்து அல்ல, வேரின் முதல் மெய். வேர் வ், ஸ், ல், பொருள் வந்து சேர்தல். காதுக்கு ஒன்றுபோல் கேட்பது சாட்சி ஆகாது. எந்த எழுத்து அச்சுக்கு, எந்த எழுத்து வேருக்கு என்று பிரித்த பிறகுதான் உறவு சொல்லலாம்.

வேர் ஒன்றாகவே இருந்தாலும் பொருள் எப்போதும் ஒன்றாக இருந்துவிடாது. ஷ், அ, ர் என்ற வேரில் ‘ஷஅர்’ முடி, ‘ஷிஅர்’ கவிதை, ‘ஷஈர்’ பார்லி. மூன்றையும் ஒரே கருத்தில் கட்ட முயன்று கதை புனைபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

அரபியில் குறில் உயிர்களைப் பொதுவாக எழுதுவதில்லை. கதப, குதிப, கத்தப, புத்தகங்கள் என்று பொருள்படும் ‘குதுப்’, நான்கும் தாளில் ஒரே மூன்று எழுத்துதான். கண் வேரைப் பார்க்கிறது, வாக்கியத்தை வைத்து வாசகர் அச்சைப் போட்டுக்கொள்கிறார். புதிதாகக் கற்பவர்கள் திணறும் இடம் இதுதான்.

இனி வாரிசுக்கு வருவோம். அரபியில் வாரிஸ். காதிப் போலவே ஃபாஇல் அச்சு, செய்பவர். வேர் வ், ர், ஸ், சொத்தைப் பெறுதல். மிராசு அரபியில் மீராஸ், அதாவது வாரிசாகப் பெறும் சொத்து. அதன் அச்சு ‘மிஃப்ஆல்’. திறத்தல் என்ற ஃப், த், ஹ் வேரை இந்த அச்சில் போட்டால் ‘மிஃப்தாஹ்’, சாவி. மூன்று மெய்யும் முழுதாக நிற்கின்றன. வ், ர், ஸ் என்பதைப் போட்டால் ‘மிவ்ராஸ்’ என்றுதான் வர வேண்டும். ஆனால் அரபியில் இகரத்துக்குப் பின்னால் வகர மெய் தனித்து நிற்காது, கரைந்து ஈகாரமாகிவிடும். மிவ்ராஸ் மீராஸ் ஆயிற்று. நாம் அதையும் குறுக்கி மிராசு என்றோம்.

வகரம் அங்கே இருந்தது என்று எப்படித் தெரியும்? அச்சு மூன்று மெய்யைக் கேட்கிறது, நம் கையில் ர், ஸ் இரண்டுதான் இருக்கின்றன. முதலிடம் காலி, அந்த இடத்தில் நெட்டுயிர். முதலில் சொன்ன வஸ்ன் என்ற சொல்லையே அதே அச்சில் போட்டுப் பாருங்கள். எடை பார்க்கும் கருவி, தராசு, ‘மிவ்ஸான்’ ஆக வேண்டியது ‘மீஸான்’ என்றே வருகிறது. வேர் வரிசையில் அமைந்த அரபு அகராதியில் மீராஸ், மீஸான் இரண்டையும் ‘ம’வில் தேடினால் கிடைக்காது. ‘வ’வைத் திறக்க வேண்டும். அங்கே வாரிசும் மிராசும் ஒரே பக்கத்தில் இருக்கும்.

நன்றி, வணக்கம்.